அனாமத்துக் கணக்கு: யாருடையது என்று தெரியாத வரவு

ஒரு நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்ட பணத்துக்கு நேராக நிலுவையில் உள்ள பில் எதுவும் பொருந்தாமல் போவது உண்டு. அனுப்பியவரின் பெயர் வாடிக்கையாளர் பட்டியலில் இருக்காது, அல்லது பெயர் இருந்தும் தொகை எந்தப் பில்லோடும் ஒத்துவராது. வங்கியைப் பொறுத்தவரை வேலை முடிந்துவிட்டது. நிறுவனத்தின் கணக்கருக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது. பணம் வந்தது உண்மை என்பதால் அதைப் பதியாமல் விட முடியாது. யாருடைய கடன் தீர்ந்தது என்பது தெரியாததால் எவர் பெயரிலும் பதியவும் முடியாது. இந்த இடைவெளிக்காக இருப்பதுதான் அனாமத்துக் கணக்கு. டேலி போன்ற மென்பொருள்களில் பழகியவர்கள் இதையே சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்பார்கள்.

அனாமத்து என்ற சொல், ஒருவரை நம்பி ஒப்படைத்து வைத்த பொருளைக் குறிக்கும் ‘அமானத்’ என்ற அரபுச் சொல்லின் வழியாகத் தமிழுக்கு வந்தது. இந்தக் கணக்கின் தன்மையை அந்தப் பொருளே சொல்லிவிடுகிறது. இதில் இருக்கும் பணம் நிறுவனத்தின் கையில் இருந்தாலும், யாருக்கோ பதில் சொல்ல வேண்டிய பணம்.

பள்ளிக் கணக்குப்பதிவியல் பாடத்தில் இதே பெயரில் வரும் கணக்கு சற்று வேறானது. இருப்பாய்வின் இரு பக்கமும் ஒத்துவராதபோது, பிழையைக் கண்டுபிடிக்கும் வரை அந்த வித்தியாசத்தை வைக்கும் இடம் அது. அங்கே எங்கோ தவறு நடந்திருக்கிறது. இங்கே தவறு எதுவும் இல்லை, தகவல்தான் குறைகிறது.

பதிவும் அதன் பொருளும்

பணம் வந்த நாளில் போடும் பதிவு எளியது. வங்கிக் கணக்கில் பற்று, அனாமத்துக் கணக்கில் வரவு. இதனால் பேரேட்டில் உள்ள வங்கி இருப்பு வங்கி அறிக்கையோடு ஒத்துப்போகும். மறுபக்கம், அனாமத்துக் கணக்கின் வரவு இருப்பு ஒரு பொறுப்பாக நிற்கும். டேலியில் `Suspense A/c` என்ற தொகுதி முன்னதாகவே அமைக்கப்பட்டிருக்கிறது. அதன் இருப்பு இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகளின் பக்கம் வந்து நிற்கும்.

அவசரத்தில் சிலர் இந்தப் பணத்தை நேராக விற்பனைக் கணக்கிலோ, இதர வருமானத்திலோ வரவு வைத்துவிடுகிறார்கள். பில் போட்ட அன்றே அந்த விற்பனை கணக்கில் ஏறியிருக்கும். பணம் வந்தபோது இன்னொரு முறை ஏற்றினால் ஒரே வருமானம் இருமுறை காட்டப்படும், வாடிக்கையாளரின் நிலுவையோ தீராமல் நிற்கும். பதிவே போடாமல் காத்திருப்பவர்களும் உண்டு. அப்போது வங்கிச் சரிக்கட்டும் பட்டியலில் அந்தத் தொகை மாதாமாதம் தொங்கிக்கொண்டிருக்கும். நாளடைவில் அதைப் பார்ப்பவர்கள் கேள்வி கேட்பதையே விட்டுவிடுவார்கள்.

யார் என்பதும் எதற்கு என்பதும்

பொருந்தாத வரவில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. பணம் அனுப்பியது யார் என்பது ஒன்று. எந்தப் பில்லுக்காக அனுப்பினார் என்பது மற்றொன்று. இவற்றைப் பிரித்துப் பார்த்தாலே அனாமத்துக்குப் போக வேண்டிய தொகைகள் பெரிதும் குறைந்துவிடும்.

அனுப்பியவர் யார் என்பது தெரிந்து, பில் மட்டும் தெரியவில்லை என்றால் அந்தப் பணம் அனாமத்துக்குப் போகக் கூடாது. அவருடைய பேரேட்டுக் கணக்கிலேயே பொதுவரவாக நிற்க வேண்டும். டேலியில் வரவைப் பதியும்போது பில்வாரி விவரத்தில் நான்கு வழிகள் கேட்கப்படும். குறிப்பிட்ட பில்லுக்கு எதிராக என்றால் `Agst Ref`, முன்பணம் என்றால் `Advance`, புதிய குறிப்பு எண் என்றால் `New Ref`, எதற்கென்று இன்னும் தெரியாது என்றால் `On Account`. ஆள் தெரிந்து பில் தெரியாத பணத்துக்கு உரிய இடம் கடைசியாகச் சொன்னதுதான். அப்படிப் பதிந்தால் அவருடைய மொத்த நிலுவை அன்றே சரியாகக் குறைந்துவிடும். பணம் கட்டியவருக்கே நினைவூட்டல் அனுப்பும் சங்கடமும் நேராது.

பின்னர் அந்தப் பொதுவரவை எந்தப் பில்லில் கழிப்பது என்பதற்குச் சட்டமே ஒரு வரிசை வகுத்திருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 59 முதல் 61 வரையுள்ள பிரிவுகள் இதைப் பற்றியவை. இன்ன கடனுக்கு என்று சொல்லிக் கடனாளி பணம் கொடுத்து, மற்றவர் அதை ஏற்றுக்கொண்டால், அந்தக் கடனில்தான் கழிக்க வேண்டும். அவர் வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும் சூழ்நிலை காட்டிக்கொடுத்தால் அதுவே போதும். ஒரு பில்லின் தொகை பைசா மாறாமல் வந்து சேர்வது அப்படிப்பட்ட சூழ்நிலைதான். சொல்லும் இல்லை, குறிப்பும் இல்லை என்றால் பணம் பெற்றவர் தம் விருப்பப்படி எந்த நியாயமான கடனிலும் கழித்துக்கொள்ளலாம். இரு தரப்பும் எதுவும் செய்யாமல் விட்டால் பழைய கடன் முதலில் தீரும்.

ஆகவே அனாமத்துக் கணக்கு முதல் கேள்விக்கு விடை தெரியாத பணத்துக்கு மட்டுமே உரியது. இரண்டாம் கேள்விக்கு மட்டும் விடை தெரியாத பணத்தையும் அதில் போட்டுக் குவிப்பதால்தான் பல அலுவலகங்களில் இந்தக் கணக்கு அவிழ்க்க முடியாத சிக்கலாகிவிடுகிறது.

பதியும்போதே எடுக்க வேண்டிய குறிப்பு

ஒவ்வொரு வரவும் தனி வரியாக, தனிக் குறிப்பு எண்ணோடு நிற்க வேண்டும். ஒரு வாரத்தில் வந்த ஐந்து தொகைகளைக் கூட்டி ஒரே பதிவாகப் போட்டால், பிறகு எது யாருடையது என்று பிரிக்க வங்கி அறிக்கையை மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும். தேதி, தொகை, எந்த வழியில் வந்தது, வங்கி அறிக்கையில் உள்ள விவரவரி, பரிவர்த்தனை எண் ஆகியவற்றைப் பதிவின் குறிப்பிலேயே முழுமையாக எழுதி வைப்பது வழக்கம். விவரவரியைச் சுருக்காமல் அப்படியே நகலெடுப்பது நல்லது. இன்று பொருளற்றதாகத் தோன்றும் நான்கு எழுத்துகள்தான் பெரும்பாலும் பின்னால் துப்பாகின்றன.

பரிவர்த்தனை எண்ணின் நீளமே பணம் வந்த வழியைச் சொல்லும். நெஃப்ட் வழியில் வந்தால் 16 எழுத்தெண்கள், ஆர்டிஜிஎஸ் என்றால் 22, யுபிஐ என்றால் 12 இலக்கங்கள். ஆர்டிஜிஎஸ் எண்ணின் முதல் நான்கு எழுத்துகள் அனுப்பிய வங்கியைக் குறிக்கும். விவரவரியில் அனுப்பியவரின் ஐஎஃப்எஸ்சி குறியீடும் இருந்தால் இன்னும் நெருங்கலாம். அந்தக் குறியீட்டின் 11 இடங்களில் முதல் நான்கு வங்கியையும், கடைசி ஆறு கிளையையும் காட்டும். பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருந்தாலும், பணம் புறப்பட்ட ஊர் தெரிந்துவிட்டால் அந்த ஊர் வாடிக்கையாளர்களை மட்டும் அலசினால் போதும். கிளை அமைந்த ஊரிலேயே வாடிக்கையாளர் தொழில் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதால் இது துப்பு மட்டுமே, சான்று ஆகாது.

ஒரு வரவைத் தேடிப் பிடித்தல்

ஜெனரேட்டர் பராமரிப்பு வேலை எடுத்துச் செய்யும் ஒரு கூட்டாண்மை நிறுவனத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மார்ச் 28ஆம் தேதி அதன் வங்கிக் கணக்கில் ரூ.1,10,200 வரவாகிறது. விவரவரியில் ஓர் அறக்கட்டளையின் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. அந்தத் தொகைக்குப் பில்லும் இல்லை. ஆனால் ஒரு மருத்துவமனை தர வேண்டிய பில் ஒன்று ரூ.1,10,330க்கு நிலுவையில் இருக்கிறது.

கணக்கு எழுதுபவருக்கு இங்கே ஒரு சபலம் தோன்றும். வித்தியாசம் ரூ.130 மட்டுமே. பல மருத்துவமனைகளை அறக்கட்டளைகள்தான் நடத்துகின்றன. வங்கிக் கட்டணமாக ஏதோ பிடித்திருப்பார்கள் என்று எண்ணி, ரூ.130ஐத் தள்ளுபடிக் கணக்கில் எழுதி மருத்துவமனையின் பில்லை முடித்துவிடலாம். பொருந்தாத வரவில் நடக்கும் தவறுகளில் மிகவும் கெடுதலானது இதுதான். அனாமத்தில் கிடக்கும் தொகை தன் நிலையை மறைப்பதில்லை. தவறாகப் பொருத்தப்பட்ட தொகையோ தீர்ந்துபோன கணக்கைப் போல நடிக்கும். மருத்துவமனையிடம் யாரும் பணம் கேட்கமாட்டார்கள். உண்மையில் பணம் கட்டியவருக்கு நினைவூட்டல் போய்க்கொண்டிருக்கும்.

சபலத்துக்கு இடம் கொடுக்காமல் தொகையையே விசாரிக்க வேண்டும். இந்த நிறுவனம் செய்யும் வேலைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அறக்கட்டளை போன்ற அமைப்புகள் ஒப்பந்த வேலைக்குப் பணம் தரும்போது, உரிய வரம்பைத் தாண்டினால், வருமான வரியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்புவார்கள். டிடிஎஸ் எனப்படும் இந்தப் பிடித்தம், வேலை செய்தவர் தனிநபர் என்றால் 1 சதவீதம், கூட்டாண்மை நிறுவனம் என்றால் 2 சதவீதம். பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அடிப்படைத் தொகையின் மீது மட்டுமே இது கணக்கிடப்படும். அதாவது ரூ.100 வேலைக்குப் பில் ரூ.118. பிடித்தம் ரூ.2. கைக்கு வருவது ரூ.116.

எனவே வந்த தொகையை 1.16ஆல் வகுத்துப் பார்க்கலாம். ரூ.1,10,200ஐ அப்படி வகுத்தால் சரியாக ரூ.95,000 கிடைக்கிறது. 1.18ஆல் வகுத்தால் ரூ.93,389க்கு மேல் பைசாக்களோடு இழுக்கிறது. முழு எண்ணாக விழுந்த விடைதான் நம்பத்தகுந்தது. அடிப்படைத் தொகை ரூ.95,000 என்பதும், 2 சதவீதம் பிடித்திருக்கிறார்கள் என்பதும் இதிலிருந்து தெரிகிறது. மருத்துவமனையின் பில்லை இதே சோதனைக்கு உட்படுத்தினால் அடிப்படைத் தொகை ரூ.93,500, பிடித்தம் ரூ.1,870. அவர்கள் பணம் அனுப்பியிருந்தால் ரூ.1,08,460 வந்திருக்க வேண்டும். வந்தது அதுவல்ல. ரூ.130 வித்தியாசம் தற்செயலானது என்று தெளிவாகிவிட்டது.

இனி ரூ.95,000 அடிப்படைத் தொகையுள்ள பில்லைத் தேட வேண்டும். தனியாக அப்படி ஒரு பில் இல்லை. ஆனால் ஒரு பள்ளிக்கு ரூ.60,000 வேலைக்கும், ஒரு திருமண மண்டபத்துக்கு ரூ.35,000 வேலைக்கும் போட்ட இரண்டு பில்களைக் கூட்டினால் ரூ.95,000 வருகிறது. ஜிஎஸ்டியோடு முதல் பில் ரூ.70,800, இரண்டாவது ரூ.41,300. இரண்டு பில்களிலும் முகவரி ஒரே தெரு. பள்ளியையும் மண்டபத்தையும் ஒரே அறக்கட்டளைதான் நடத்துகிறது என்ற ஊகத்துக்கு இது இடம் தருகிறது.

இது வலுவான ஊகம்தான், இன்னும் உறுதியாகவில்லை. நிலுவையில் நூறு பில்கள் இருந்தால், அவற்றில் ஏதோ இரண்டைக் கூட்டி வேண்டிய தொகையைக் கொண்டுவந்துவிட முடியும். ஆகவே கடைசிப் படி பள்ளி அலுவலகத்தைக் கேட்பதுதான். கேட்கும் முறையிலும் ஒரு கவனம் தேவை. “ரூ.1,10,200 அனுப்பினீர்களா?” என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்லிவிட முடியும். “மார்ச் கடைசியில் பில்களுக்குப் பணம் அனுப்பியிருந்தால் தொகை, தேதி, பரிவர்த்தனை எண், பிடித்த வரி ஆகியவற்றைத் தெரிவியுங்கள்” என்று கேட்டால் விடை அவர்களிடமிருந்து வர வேண்டியிருக்கும். அவர்கள் தரும் எண் வங்கி அறிக்கையில் உள்ள எண்ணோடு ஒத்துப்போனால் ஐயம் தீர்ந்தது.

சில மாதங்கள் கழித்து இன்னொரு சான்றும் கிடைக்கும். அறக்கட்டளை தான் பிடித்த வரிக்கான காலாண்டு அறிக்கையைத் தாக்கல் செய்ததும், பராமரிப்பு நிறுவனத்தின் நிரந்தரக் கணக்கு எண்ணில் அந்த வரி வரவாகத் தெரியும். அங்கே பிடித்தவரின் பெயர் அறக்கட்டளையுடையதாக இருக்கும். மருத்துவமனையின் பில்லோடு தவறாகப் பொருத்தியிருந்தால் இந்த ரூ.1,900 எங்கிருந்து வந்தது என்று அப்போது விளங்காமல் போயிருக்கும்.

கணக்கைத் தீர்க்கும் பதிவு

உறுதியானதும் அனாமத்துக் கணக்கில் ரூ.1,10,200 பற்று எழுதப்படும். பெறவேண்டிய டிடிஎஸ் கணக்கில் ரூ.1,900 பற்று. எதிர்ப்பக்கம் பள்ளியின் கணக்கில் ரூ.70,800, மண்டபத்தின் கணக்கில் ரூ.41,300 வரவு. இரு பக்கமும் ரூ.1,12,100. பிடித்த வரியில் ரூ.1,200 பள்ளியின் பில்லுக்கும், ரூ.700 மண்டபத்தின் பில்லுக்கும் உரியது. இரண்டு பில்களும் முழுமையாகத் தீர்ந்துவிட்டன. அனாமத்தில் அந்த வரி பூஜ்யமாகிவிட்டது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதலில் போட்ட வங்கிப் பதிவையே திருத்தி, அனாமத்தை அழித்துவிட்டுப் பள்ளியின் பெயரை எழுதுவது எளிதாகத் தோன்றும். அப்படிச் செய்தால் பணம் எத்தனை நாள் அடையாளமின்றி நின்றது, யார் எந்தச் சான்றின் பேரில் மாற்றினார் என்ற தடம் போய்விடும். புதிய பதிவு போட்டு, அதன் குறிப்பில் பழைய பதிவின் எண்ணையும் பள்ளியிலிருந்து வந்த கடிதத்தையும் சுட்டுவதே முறை.

எடுத்துக்காட்டில் பணம் வந்தது மார்ச் 28. விடை கிடைத்தது ஏப்ரல் 9 என்று வைத்துக்கொண்டால், எந்த ஆண்டில் தீர்ப்பது என்ற கேள்வி எழும். ஆண்டுக் கணக்கு இன்னும் முடிக்கப்படவில்லை என்றால் மார்ச் 31 நிலையிலேயே தீர்த்துவிட வேண்டும். அந்த நாளில் இருந்த உண்மை நிலையைத்தான் பிறகு வந்த தகவல் காட்டியிருக்கிறது. அப்படிச் செய்யாவிட்டால், வந்துவிட்ட பணம் இருப்புநிலைக் குறிப்பில் வரவேண்டிய கடனாகவும் அனாமத்துப் பொறுப்பாகவும் இரு பக்கமும் ஊதிக் காட்டும்.

ஜிஎஸ்டி காத்திருப்பதில்லை

வந்த பணம் ஏற்கெனவே பில் போட்ட வேலைக்கு உரியது என்றால் ஜிஎஸ்டியில் புதிதாக எதுவும் இல்லை. பில் போட்டபோதே வரி கணக்கில் வந்திருக்கும். சிக்கல், அது பில் போடாத வேலைக்கான முன்பணமாக இருந்தால்தான்.

பொருள் விற்பவர்களுக்கு இதில் கவலை குறைவு. 2017 நவம்பர் 15 முதல், பொருளுக்கான முன்பணத்தின் மீது பணம் வந்தபோதே வரி கட்ட வேண்டிய தேவை பொதுவாக நீக்கப்பட்டுவிட்டது. சேவை தருபவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. பில்லுக்கு முன்பே பணம் வந்தால், வந்த தேதியே வரிக்குரிய தேதி. அந்தத் தேதியையும் நிறுவனம் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாது. ஏட்டில் பதிந்த நாள், வங்கியில் வரவான நாள் ஆகிய இரண்டில் எது முந்தியதோ அதுதான் பணம் பெற்ற நாள் என்று சட்டம் சொல்கிறது.

ஆகவே மார்ச் மாதத்தில் வந்து அனாமத்தில் கிடந்த பணம், ஜூன் மாதத்தில் ஒரு சேவைக்கான முன்பணம் என்று தெரியவந்தால், வரி மார்ச் மாதத்துக்கு உரியது. இடைப்பட்ட காலத்துக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் சேரும். முன்பணம் என்பது தெரிந்து, எந்த வரிவிகிதம் என்பது மட்டும் தெரியாத நிலைக்கும் விதி இருக்கிறது. 18 சதவீதமாகக் கொள்ள வேண்டும். எந்த மாநிலத்துக்கான சேவை என்பதும் தெரியாவிட்டால் மாநிலங்களுக்கிடையிலான வழங்கலாகக் கொள்ள வேண்டும். சேவை நிறுவனங்கள் மாத அறிக்கைக்கு முன்பே அனாமத்துப் பட்டியலைப் பார்த்துவிடுவது இதனால்தான்.

வழிதவறி வந்த பணம்

தேடியும் எந்த வாடிக்கையாளரோடும் பொருந்தாத பணம், வேறு யாருக்கோ அனுப்ப நினைத்துத் தவறி வந்ததாக இருக்கலாம். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் பரிவர்த்தனைகளில் வங்கி கணக்கு எண்ணை மட்டும் வைத்தே பணத்தை வரவு வைக்கிறது. ஓர் இலக்கம் மாறினால், அந்த எண்ணில் யார் கணக்கு இருக்கிறதோ அவருக்குப் பணம் போய்விடும். அனுப்புமுன் பெறுபவரின் பெயரைத் திரையில் பார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. அந்தப் பெயரைப் படிக்காமலே கடந்துபோகிறவர்களுக்கு அது உதவாது.

தவறுதலாகப் பணம் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவு. ஆனால் திருப்பும் விதத்தில் ஒரு பொறி இருக்கிறது. “உங்கள் கணக்குக்குத் தவறாகப் பணம் அனுப்பிவிட்டேன், இந்த எண்ணுக்குத் திருப்பிப் போடுங்கள்” என்று ஒருவர் தொலைபேசியில் கேட்பார். அவர் கொடுக்கும் கணக்கு, பணம் வந்த கணக்காக இருக்காது. வந்தது ஒருவரிடம் ஏமாற்றிப் பறித்த பணமாக இருந்தால், அதை மூன்றாம் கணக்குக்கு மாற்றிய நிறுவனம் மோசடிச் சங்கிலியில் ஒரு கண்ணியாகிவிடும். பறிகொடுத்தவர் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்ததும், அந்தத் தொகையோ சில நேரங்களில் கணக்கு முழுவதுமோ முடக்கப்படலாம்.

இதனால் திருப்பும் கோரிக்கை எழுத்தில், அனுப்பியவரின் வங்கி வழியாக வரும்படி கேட்பது பாதுகாப்பு. பணத்தைத் தன் வங்கியின் மூலம், புறப்பட்ட அதே கணக்குக்கு மட்டுமே திருப்ப வேண்டும். பதிவில் அனாமத்துக் கணக்கு பற்று, வங்கி வரவு. பழைய பரிவர்த்தனை எண்ணும் புதிய எண்ணும் ஒரே குறிப்பில் இருக்க வேண்டும்.

கேட்பாரற்றுக் கிடந்தால்

யாரும் கேட்டு வராத தொகைகள் ஆண்டுக்கணக்கில் நின்றுவிடுவது உண்டு. மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டால் அது நிறுவனத்தின் பணம் என்ற எண்ணம் வணிகர்களிடையே பரவலாக இருக்கிறது. அது முழு உண்மையல்ல. தவறுதலாகக் கொடுத்த பணத்துக்கான காலவரம்பு, பணம் கொடுத்த நாளிலிருந்து ஓடத் தொடங்குவதில்லை. தவறு தெரியவந்த நாளிலிருந்தோ, உரிய கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்தோதான் ஓடும்.

இன்னொரு பக்கம், அந்தத் தொகையைப் பொறுப்பாகவே வைத்துக்கொண்டிருப்பதும் சுகமல்ல. ஏட்டில் வரவாகியுள்ள தொகை எங்கிருந்து, எதற்காக வந்தது என்று திருப்திகரமாக விளக்க முடியாவிட்டால் அதை அந்த ஆண்டின் வருமானமாகக் கருதி வரி விதிக்க வருமான வரிச் சட்டம் அதிகாரிக்கு இடம் தருகிறது. வழக்கமான வரியைவிடக் கடுமையான விகிதம் அதற்கு உண்டு. தேடிய முயற்சிகளின் பதிவு இங்கேதான் கைகொடுக்கும். எந்த நாளில் வங்கிக்கு எழுதியது, என்ன பதில் வந்தது, எந்த வாடிக்கையாளர்களைக் கேட்டது என்ற குறிப்புகள் இருந்தால் விளக்கம் சொல்லலாம். முடிவில் அதை வருமானத்துக்கு மாற்றுவதானால், தணிக்கையாளரைக் கலந்து, உரிமையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதலோடு மாற்றுவது வழக்கம். பிறகு யாராவது சான்றோடு வந்தால் திருப்பித் தர வேண்டிய கடமை அப்போதும் நீங்காது.

அனாமத்து மறைவிடமாகும்போது

கேட்பாரற்ற தொகை திருட்டுக்கும் வசதியானது. வசூல் செய்யும் ஊழியர் ஒரு வாடிக்கையாளர் கொடுத்த ரொக்கத்தை எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வாடிக்கையாளரின் நிலுவை தீராமல் நின்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். அனாமத்தில் யாரும் தேடாத ஒரு தொகை கிடந்தால், அதை அந்த வாடிக்கையாளரின் பெயரில் தீர்த்துவிட்டு மறைத்துவிடலாம். உண்மையான சொந்தக்காரர் என்றாவது கேட்டு வந்தால், அடுத்து வரும் இன்னொரு தொகையைக் கொண்டு அதை அடைக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க அனாமத்தின் இருப்பைப் பார்த்துப் பயனில்லை. இருப்பு குறைந்துகொண்டே வந்து நல்ல பெயர் வாங்கும். பார்க்க வேண்டியது தீர்த்த பதிவுகளை. வங்கியின் விவரவரியில் உள்ள பெயரும், தீர்த்தபோது வரவு வைத்த பெயரும் வேறாக இருந்து, இரண்டையும் இணைக்கும் கடிதமோ மின்னஞ்சலோ இல்லை என்றால் அது முதல் அறிகுறி. ஒரே வரவைச் சம்பந்தமில்லாத பல வாடிக்கையாளர்களுக்குத் துண்டு துண்டாகப் பிரித்திருப்பது இரண்டாவது. வாடிக்கையாளருக்கு நினைவூட்டல் போன மறுநாளே அனாமத்திலிருந்து அவர் நிலுவை தீர்வது மூன்றாவது. வசூல் செய்பவரும் அனாமத்தைத் தீர்க்கும் பதிவைப் போடுபவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்ற விதி இதற்காகத்தான். ஒரே கணக்கர் உள்ள சிறு நிறுவனத்தில், தீர்க்கும் பதிவு ஒவ்வொன்றிலும் உரிமையாளர் சான்றைப் பார்த்துக் கையெழுத்திடுவது அதற்கு ஈடாகும்.

மாத முடிவில் பட்டியலை வயதுவாரியாக எழுதுவதும் இதோடு சேர்ந்தது. மொத்த இருப்பு மாறாமல் இருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பழையவை தீர்ந்து புதியவை வந்திருக்கலாம், அல்லது அதே தொகைகள் அசையாமல் கிடக்கலாம். ஒரு மாதத்துக்கு உட்பட்டவை, மூன்று மாதத்துக்கு உட்பட்டவை, அதற்கும் மேற்பட்டவை என்று பிரித்தால் வித்தியாசம் தெரியும். வங்கிக்குச் சீக்கிரம் எழுதினால் விவரம் எளிதில் கிடைக்கும். வாடிக்கையாளரின் அலுவலகத்திலும் பணம் அனுப்பியவருக்கு அது நினைவில் இருக்கும்.

வரத்தைக் குறைக்கும் வழிகள்

அடையாளம் தெரியாத வரவு பெரும்பாலும் பில்லில் உள்ள குறையால் பிறக்கிறது. பில்லின் அடியில் வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் அச்சிட்டுவிட்டு, பணம் அனுப்பும்போது பில் எண்ணைக் குறிப்பில் எழுதுங்கள் என்று கேட்காமல் விட்டால் யாரும் எழுதமாட்டார்கள். பில் எண்ணையும் தொகையையும் உள்ளடக்கிய யுபிஐ கட்டத்தைப் பில்லிலேயே அச்சிட்டால், வாடிக்கையாளர் எதையும் தட்டெழுத வேண்டியதில்லை. வாடிக்கையாளர் எண்ணிக்கை பெரிதாக உள்ள நிறுவனங்களுக்கு வங்கிகள் மெய்நிகர் கணக்கு எண்கள் தருகின்றன. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி எண். எல்லாப் பணமும் ஒரே கணக்கில்தான் சேரும், ஆனால் எந்த எண்ணுக்கு வந்தது என்பதே அனுப்பியவர் யார் என்பதைச் சொல்லிவிடும்.

இவற்றோடு, ஒருமுறை கண்டுபிடித்ததை மறக்காமல் இருப்பதும் ஒரு வழி. பள்ளிக்காகவும் மண்டபத்துக்காகவும் அறக்கட்டளை பணம் அனுப்பும் என்பது தெரிந்ததும், இரண்டு வாடிக்கையாளர் கணக்குகளிலும் அறக்கட்டளையின் பெயரையும் 2 சதவீதப் பிடித்தத்தையும் குறித்து வைத்தால், அடுத்த மார்ச்சில் அதே பெயரில் பணம் வரும்போது அனாமத்துக் கணக்கைத் திறக்கவே வேண்டியிராது.